தலை 28 வாரம், தொடை 26 வாரம்: ஸ்கேன் படத்தில் பிழை எங்கே?

கடைசி மாதவிடாய் தேதி நினைவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுக்கவும் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஏழாம் மாதம் போலத் தெரிகிறது, கையில் இருப்பது நேற்று எடுத்த ஸ்கேனின் பிரிண்ட் மட்டும். இந்த நிலையில் வரும் பெண்ணுக்குக் கர்ப்ப வாரம் சொல்ல, அந்தப் படத்தில் நம்பத்தக்கவை இரண்டு அளவுகள்: தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம். இரண்டும் ஒரே வாரத்தைச் சொன்னால் வேலை சுலபம். சொல்லாதபோது எங்கே பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. ஸ்கேன் எடுக்கப் பழகுகிறவர்களையும், பிறர் எடுத்த படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு மாதிரிப் படத்தையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம். பிரிண்டின் ஓரத்தில் இப்படி இருக்கிறது:

```
BPD    65 mm    26w2d
HC    262 mm    28w4d
FL     49 mm    26w3d
AUA             27w1d
```

BPD என்பது தலையின் குறுக்களவு, HC தலைச் சுற்றளவு, FL தொடை எலும்பின் நீளம். AUA என்பது இந்த மூன்றுக்கும் மெஷின் போட்ட சராசரி. குறுக்களவும் தொடையும் 26 வாரம் என்கின்றன, சுற்றளவு மட்டும் 28 என்கிறது. இரண்டுக்கு ஒன்று, ஆகவே சுற்றளவுதான் தவறு என்று தோன்றும். அப்படித் தோன்றவில்லை என்றால் 27 வாரம் என்ற சராசரியை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடத் தோன்றும். இந்தப் படத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தப்பு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில்: ஒரு மில்லிமீட்டர் என்ன விலை?

பிழையைத் தேடுவதற்கு முன்னால், எந்த அளவில் எவ்வளவு பிழை வந்தால் எத்தனை நாள் மாறும் என்பது கைவசம் இருக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் இருப்பது ஹூஸ்டனைச் சேர்ந்த ஹாட்லாக் குழுவினர் 1984இல் வெளியிட்ட சூத்திரங்கள். நமக்கு வேண்டிய இரண்டு இவை. அளவுகளை சென்டிமீட்டரில் போட்டால் விடை வாரத்தில் வரும்:

```
GA = 8.96  + 0.540*HC + 0.0003*HC^3
GA = 10.35 + 2.460*FL + 0.170*FL^2
```

HC-க்கு 26.2 போட்டால் 28.5 வாரம். FL-க்கு 4.9 போட்டால் 26.5 வாரம். பிரிண்டில் உள்ளதும் அதுதான், ஆகவே மெஷினின் கணக்கு சரி. இப்போது FL-ஐ ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று நாள் நகரும். HC-ஐ ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் ஒரு நாள்கூட நகராது.

அதனால் தொடையில் காலிப்பர் புள்ளி சற்றுத் தள்ளி விழுந்தாலே ஒரு வாரம் போய்விடும். தலையில் ஒரு வாரம் தவற வேண்டுமானால் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் பிழை வேண்டும், அது கை நடுக்கத்தால் வருவதில்லை. தலையில் பெரிய பிழை வந்திருந்தால், வெட்டிய தளமே தப்பாக இருக்கும் அல்லது கோடு ஓட்டை விட்டு வேறு எதையோ சுற்றியிருக்கும். இரண்டுமே படத்தில் கண்ணுக்குத் தெரியும். தலையும் தொடையும் முரண்பட்டால் தொடைப் படத்தை முதலில் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அறிகுறி: தொடை ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்குகிறது

பத்துப் படத்தில் இந்த அறிகுறிதான் அதிகம் வரும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

தொடை எலும்பின் முழு நீளமும் ஒரே தளத்தில் விழுந்தால்தான் அளவு சரி. ப்ரோப் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒலிக்கற்றை எலும்பின் ஒரு முனையில் நுழைந்து நடுவிலேயே பக்கவாட்டில் வெளியே போய்விடும். முருங்கைக்காயை நீளவாக்கில் கீறும்போது கத்தி சாய்ந்து பாதியில் வெளியே வந்தால் கிடைக்கும் குட்டைக் கீற்று மாதிரி, படத்தில் விழுவது எலும்பின் ஒரு பகுதிதான். கவனியுங்கள், இந்தப் பிழை எப்போதும் குறைத்துத்தான் காட்டும். சாய்ந்து வெட்டியதால் தொடை நீண்டு தெரிந்ததாக இருக்கவே முடியாது.

நின்றுபோன படத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முனைகளைப் பாருங்கள். சரியாக விழுந்த எலும்பின் இரண்டு முனையும் மொட்டையாக, வெட்டினாற்போல முடியும். அதற்கு அப்பால் கறுப்பாகக் குருத்தெலும்பும், அதைச் சுற்றித் தசையும் தெரியும். சாய்ந்து விழுந்த படத்தில் ஒரு முனை மட்டும் படிப்படியாக வெளிறி, மெலிந்து, புகை மாதிரிக் கரைந்துபோகும். எங்கே முடிகிறது என்று உங்களால் விரல் வைத்துச் சொல்ல முடியாவிட்டால் காலிப்பர் வைத்தவராலும் முடிந்திருக்காது. அடுத்து நிழலைப் பாருங்கள். எலும்புக்குப் பின்னால் விழும் கறுப்பு நிழல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். நிழல் பாதியோடு நின்றுபோயிருந்தால் மீதி எலும்பு தளத்துக்கு வெளியே இருக்கிறது.

எலும்பு படத்தில் கிடக்கும் கோணமும் முக்கியம். கிட்டத்தட்ட படுக்கையாக இருப்பது நல்லது. ஒலிக்கற்றைக்கும் எலும்புக்கும் இடையே கோணம் 45 பாகைக்குக் கீழே போய், எலும்பு ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் படத்தில் முனைகள் தெளிவாகக் கிடைக்காது. அந்த மாதிரிப் படத்தில் காலிப்பர் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் நான் அதை வாரக் கணக்குக்கு எடுப்பதில்லை. இரண்டு தொடையில் ப்ரோப்புக்குப் பக்கத்தில் இருப்பதை அளப்பதே நல்லது. தூரத்துத் தொடையின் உட்பக்கம் இயல்பாகவே வளைந்து தெரியும், அதைப் பார்த்து எலும்பு வளைந்திருக்கிறது என்று பயந்துபோனவர்கள் உண்டு.

இன்னொன்று, அது தொடைதானா என்பது. சிரிக்க வேண்டாம், நின்ற படத்தில் இது நடக்கும். மேல் கை எலும்பும் தனி எலும்புதான், பார்வைக்குத் தொடை மாதிரியே இருக்கும், இந்த மாதங்களில் தொடையைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. பக்கத்தில் தோள்பட்டை எலும்போ விலா எலும்போ தெரிந்தால் அது கை. இணையாக இரண்டாவது எலும்பு ஓடினால் அது முழங்காலுக்குக் கீழே. இடுப்பு எலும்பு ஒரு பக்கம் தெரிந்தால் நிம்மதி.

நம் மாதிரிப் படத்தில் என்ன இருக்கிறது? எலும்பு முப்பது பாகை சரிந்து கிடக்கிறது, அது பரவாயில்லை. இடுப்புப் பக்க முனை மொட்டையாகத் தெளிவாக இருக்கிறது. முழங்கால் பக்க முனைதான் வெளிறிப் போகிறது, அங்கே நிழலும் இல்லை. காலிப்பரின் கூட்டல் குறி அந்த மங்கலின் நடுவில் எங்கேயோ விழுந்திருக்கிறது. 49 என்பது எலும்பின் நீளம் அல்ல, எலும்பில் தெரிந்த பகுதியின் நீளம். இந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, தொடையை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து "மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைந்திருக்கும்" என்று நாமே கூட்டிக்கொள்ளக் கூடாது.

மறுபடி எடுக்கும்போது ஒரு முனையை நடுவில் பிடித்துக்கொண்டு, அந்த முனை நகராமல் ப்ரோப்பை மெல்லத் திருப்பி அடுத்த முனையைக் கொண்டுவர வேண்டும். மூன்று தனித்தனிப் படம் எடுத்து மூன்றையும் அளந்தால், அவற்றில் மிக நீளமானதுதான் பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும், முனைகள் இரண்டும் தெளிவாக இருந்தால். காரணம் மேலே சொன்னதுதான்: சாய்வு குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது.

அறிகுறி: தொடை முந்திக்கொண்டு போகிறது

இது அரிது, காரணமும் எளிது. காலிப்பர் எலும்பின் தண்டை மட்டும் அளக்க வேண்டும். முழங்கால் பக்க முனையிலிருந்து மெல்லிய வெள்ளை முள் ஒன்று நீண்டு தெரிவதுண்டு. அது எலும்பின் நீளத்தில் சேராது. அதைச் சேர்த்து மூன்று மில்லிமீட்டர் கூட்டினால் ஒன்பது நாள் ஏறிவிடும்.

32 வாரத்தை ஒட்டி முழங்கால் அருகே குருத்தெலும்புக்குள் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி தோன்ற ஆரம்பிக்கும். அதையும் அளவில் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவுகள் 28 வாரம் என்று சொல்லும்போது அந்தப் புள்ளி பளிச்சென்று தெரிந்தால், குழந்தை வயதில் பெரியதாக இருந்து வளர்ச்சியில் பின்தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும். காலிப்பரைச் சாராத சாட்சி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அறிகுறி: தலையின் குறுக்களவும் சுற்றளவும் ஒத்துப்போகவில்லை

நம் படத்தின் இரண்டாவது முடிச்சு இது. ஒரே தலை, ஒரே படம், குறுக்களவு 26 வாரம் 2 நாள், சுற்றளவு 28 வாரம் 4 நாள். எப்படி?

தலை வட்டமாக இருப்பதில்லை, முட்டை வடிவில் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அது பக்கவாட்டில் அமுங்கி முன்பின்னாக நீண்டிருக்கும். குழந்தை தலை மேலாக, பிட்டம் கீழாக உட்கார்ந்திருக்கும் பிரீச் நிலையில் இது சகஜம். பனிக்குட நீர் குறைந்தாலும், இரட்டைக் குழந்தைகள் இடம் இல்லாமல் நெருங்கியிருந்தாலும் வரும். அமுங்கினால் குறுக்களவு குறையும், நீளம் கூடும், சுற்றளவு பெரிதாக மாறாது. வாரக் கணக்குக்குக் குறுக்களவை விட்டுவிட்டுச் சுற்றளவைப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிபார்க்க நெற்றியிலிருந்து பிடரி வரையிலான நீளம் வேண்டும். பிரிண்டில் OFD என்று இருக்கும், இல்லாவிட்டால் படத்திலேயே அளக்கலாம். நம் படத்தில் அது 97 மி.மீ. குறுக்களவை இதால் வகுத்து நூறால் பெருக்கினால் தலை வடிவக் குறியீடு கிடைக்கும். 65 / 97, அதாவது 67. வழக்கமாக இது 78ஐ ஒட்டியும், பெரும்பாலும் 74க்கும் 83க்கும் இடையிலும் இருக்கும். குறுக்களவை ஓட்டின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை எடுத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து வெளி வரை எடுத்தால் இரண்டு மூன்று கூடும். அப்போதும் 74ஐத் தொடாது. தலை நீண்டிருக்கிறது, படத்தின் ஓரக் குறிப்பிலும் பிரீச் என்றே இருக்கிறது. முடிச்சு அவிழ்ந்தது.

சுற்றளவு எண்ணையும் இங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குறுக்களவை வெளியிலிருந்து உள்ளே எடுத்திருந்தால் சுற்றளவு = 1.62 × (குறுக்களவு + நீளம்). 65உம் 97உம் சேர்ந்து 162, அதை 1.62ஆல் பெருக்கினால் 262. மெஷின் வரைந்த நீள்வட்டமும் 262 என்றே சொல்கிறது. இரண்டு வழியில் ஒரே எண் வந்துவிட்டது, சரி.

ஆக, குறுக்களவும் தொடையும் ஒரே வாரத்தைச் சொன்னது தற்செயல். ஒன்று தலை நீண்டதால் குறைந்தது, இன்னொன்று ப்ரோப் சாய்ந்ததால் குறைந்தது. இரண்டு எண் ஒத்துப்போவதை மட்டும் வைத்து மூன்றாவதைத் தள்ளக் கூடாது. ஒவ்வொன்றும் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தனித்தனியாகப் பார்த்த பிறகே எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கலாம்.

அறிகுறி: தலைச் சுற்றளவின் மேலேயே சந்தேகம்

சுற்றளவுப் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தால் என்ன தவறு என்பதும் தெரிந்துவிடும். தலையைக் குறுக்காக வெட்டிய தளத்தில் நடுக்கோடு நேராக ஓடி, தலையை இரு சம பாதியாகப் பிரிக்க வேண்டும். நடுவில் கோட்டின் இரு பக்கமும் தலாமஸ் சாம்பல் நிறத்தில் ஒரே அளவில் தெரிய வேண்டும். முன்பக்கம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நடுக்கோட்டை ஒரு சிறிய பெட்டி உடைக்க வேண்டும். அதைக் காவம் செப்டி பெல்லுசிடி என்பார்கள், சுருக்கமாகக் காவம். ஓடு முழுக்கச் சுற்றி வந்து மூடியிருக்க வேண்டும்.

பின்பக்கம் சிறுமூளை தெரிகிறதா? அப்படியானால் தளம் பின்னால் சரிந்துவிட்டது, ஓட்டின் பின்பகுதி வட்டத்துக்குள் சரியாக அடங்காது. கண்குழி தெரிகிறதா? முன்பக்கம் கீழே இறங்கிவிட்டது. தலாமஸே இல்லாமல் இரண்டு பக்கமும் மூளை அறைகள் மட்டும் நீளமாகத் தெரிகிறதா? தளம் மேலே ஏறிவிட்டது, தலை மேலே போகப் போகக் குறுகுவதால் சுற்றளவு குறைந்துதான் வரும். நடுக்கோடு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு பாதி பெரிதாகவும் இன்னொரு பாதி சிறிதாகவும் இருந்தால் ப்ரோப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது.

தளம் சரியாக இருந்தும் எண் பெரிதாக வந்தால் நீள்வட்டத்தின் கோட்டைப் பாருங்கள். அது ஓட்டின் வெளி விளிம்பை ஒட்டிப் போக வேண்டும், தோலை ஒட்டி அல்ல. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். தோல் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். நீள்வட்டம் எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் சுற்றளவு 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். 28 வாரத்தில் அது பத்து நாள். பிரிண்டில் இதைப் பிடிக்க, புள்ளிக் கோட்டுக்கும் வெள்ளை ஓட்டுக்கும் இடையே சாம்பல் நிறப் பட்டை ஏதாவது தெரிகிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். தெரிந்தால் கோடு வெளியே போயிருக்கிறது. கெயினை அதிகமாக ஏற்றிவைத்த படத்தில் ஓடே தடித்துத் தெரிவதால் இந்த இடைவெளி மறைந்துபோகும், அந்தப் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் படத்தில் தலாமஸ் இருக்கிறது, காவம் இருக்கிறது, சிறுமூளை இல்லை, கோடு ஓட்டின் மேலேயே ஓடுகிறது. 262ஐ நம்பலாம்.

அறிகுறி: படத்தில் அளந்தால் வேறு எண் வருகிறது

பிரிண்டின் ஓரத்தில் சென்டிமீட்டர் குறிகள் இருக்கும். அவற்றை வைத்து ஸ்கேலால் தொடையை நீங்களே அளந்து பார்க்கலாம், நல்ல பழக்கம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அளக்கும்போது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். படத்தை யாராவது அகலவாக்கில் இழுத்திருந்தால், அல்லது பிரிண்டைச் சாய்வாகப் பிடித்து போட்டோ எடுத்திருந்தால், செங்குத்துக் குறிகளை வைத்துப் படுக்கையாகக் கிடக்கும் எலும்பை அளப்பது பொய்யாகிவிடும். இரண்டு பக்கமும் குறிகள் இருந்தால் மேல்கீழ் ஒரு சென்டிமீட்டரும் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டரும் உங்கள் திரையில் ஒரே நீளமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் படத்தில் அச்சான எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, படத்தைத் தளம், முனை, கோடு இவற்றைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. படத்தின் மேல் மூலையில் GA என்று ஒரு வாரம் அச்சாகியிருக்கும். பல நேரம் அது அளவிலிருந்து வந்ததே அல்ல. ஸ்கேன் தொடங்கும்போது யாரோ தட்டச்சு செய்த மாதவிடாய் தேதியிலிருந்து மெஷின் கணக்கிட்டது. பக்கத்தில் LMP என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். தேதி தெரியாத பெண்ணுக்கு உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டு, அந்த உத்தேசமே பிறகு "ஸ்கேனில் வந்த வாரம்" என்று அட்டையில் ஏறிவிடும். அதை ஒருபோதும் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: அதே அளவுக்கு இரண்டு மெஷின் இரண்டு வாரம் சொல்கிறது

மில்லிமீட்டர் ஒன்றாக இருந்து வாரம் மட்டும் மாறினால் உள்ளே இருக்கும் சூத்திரம் வேறு. பிரிண்டில் அளவுக்குப் பக்கத்திலேயே Hadlock என்றோ வேறு பெயரோ சுருக்கமாக இருக்கும். இரண்டு இடத்து ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது வாரத்தை வாரத்தோடு ஒப்பிடாமல் மில்லிமீட்டரை மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

தேதி தெரியாமல் தாமதமாக வருகிறவர்களுக்கு நான் பயன்படுத்துவது இன்டர்குரோத் 21 ஆய்வுக் குழு 2016இல் வெளியிட்ட சூத்திரம். எட்டு நாடுகளில் எட்டு இடங்களில் ஆரோக்கியமான தாய்மார்களை ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து பார்த்து எடுத்த அளவுகள் அதற்கு அடிப்படை. அவற்றில் ஒன்று நம் நாட்டு நாக்பூர். பல அளவுகளைச் சோதித்த பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்த ஜோடி தலைச் சுற்றளவும் தொடை நீளமும்தான். இதில் அளவுகளை மில்லிமீட்டரில் போட வேண்டும், விடை நாளில் வரும்:

```
GA = exp(0.03243*(ln HC)^2 + 0.001644*FL*ln(HC) + 3.813)
```

சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் மாற்றிப் போட்டுவிட்டு விடை ஏன் விபரீதமாக வருகிறது என்று யோசிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள்.

நம் மாதிரியில் தொடையை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை இரண்டு முனையும் மொட்டையாக, நிழல் முழுக்க விழுந்து, 53 மி.மீ. வந்தது. ஹாட்லாக் கணக்கில் அது 28 வாரம் 1 நாள், தலையோடு மூன்று நாள்தான் வித்தியாசம். 262ஐயும் 53ஐயும் மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 201 நாள், அதாவது 28 வாரம் 5 நாள். பழைய 49ஐப் போட்டிருந்தால் 194 நாள், 27 வாரம் 5 நாள். ஒரு வாரம் முழுக்க அந்த வெளிறிய முனையில் தொலைந்திருந்தது.

அறிகுறி: படம் சரி, ஆனாலும் தொடை குட்டை

முனைகள் தெளிவு, கோணம் சரி, மூன்று படத்திலும் அதே எண். அப்படியும் தொடை தலையைவிட இரண்டு வாரத்துக்கு மேல் பின்தங்கினால் இது அளவுப் பிழை அல்ல, குழந்தையைப் பற்றிய செய்தி. இந்த இடத்தில் இரண்டையும் சேர்த்துச் சராசரி போடுவதுதான் பெரிய தவறு. சராசரி போட்டால் வாரமும் தவறாகும், குட்டைத் தொடையும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். வாரத்துக்குத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு தொடையைத் தனியாக ஆராய வேண்டும்.

பெற்றோர் குட்டையாக இருந்து குழந்தையும் இயல்பாகவே அப்படி இருக்கலாம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வளர்ச்சி குறைந்ததன் முதல் அடையாளமாக இருக்கலாம். டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றத்திலும் வரும். மிகவும் குட்டையாக இருந்தால் எலும்பு வளர்ச்சிக் கோளாறைத் தேட வேண்டும். அப்போது பாதத்தின் நீளத்தை அளப்பது நல்ல துணை. இயல்பான குழந்தைக்குத் தொடையும் பாதமும் ஏறத்தாழ ஒரே நீளம். தொடை தெளிவாகக் குறைந்து பாதம் மட்டும் இயல்பாக இருந்தால் எலும்புக் கோளாறின் பக்கம் சந்தேகம் சாய்கிறது. இது ஒரு நின்ற படத்தை வைத்துச் சொல்லும் விஷயமே அல்ல, விரிவான ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூளை அறை 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகன்று தலை பெரிதாக இருந்தாலோ, தலை மட்டும் மிகச் சிறிதாக இருந்தாலோ, வாரக் கணக்கிலிருந்து தலையை விலக்கிவிட்டுத் தொடையை வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

எவ்வளவு சுத்தமாக அளந்தாலும் தாமதமான ஸ்கேனுக்கு ஓர் எல்லை உண்டு. இன்டர்குரோத் சூத்திரத்தின் பிழை வரம்பு 14 வாரத்தில் முன்பின் 6 முதல் 7 நாள், 26 வாரத்தில் 12 முதல் 14 நாள், கடைசி மூன்று மாதத்தில் 14 நாளுக்கும் மேல். குழந்தைகள் வளரும் வேகம் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போவதால் வருவது இது, கையின் திறமையால் குறையாது. ஆகவே நம் மாதிரிக்கு "28 வாரம் 5 நாள்" என்று மட்டும் எழுதினால் போதாது. "HC 262, FL 53, சுமார் 28 முதல் 29 வாரம், முன்பின் இரண்டு வாரம், முந்தைய ஸ்கேன் இல்லை" என்று எழுத வேண்டும். மில்லிமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும், அடுத்தவர் எந்தச் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்துக்கொள்ள அதுதான் வேண்டும்.

முந்தைய ஸ்கேன் ஒன்று திடீரென்று பையிலிருந்து வெளியே வந்தால், முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உச்சி முதல் பிட்டம் வரை அளந்தது அதில் இருந்தால், இந்தக் கணக்கு முழுவதையும் மூடி வைத்துவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 28 வார ஸ்கேன் அதைத் திருத்தத் தகுதியற்றது. மாதவிடாய் தேதி மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தால், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டலின்படி 22 முதல் 27 வாரம் 6 நாள் வரை 14 நாளுக்கு மேலும், 28 வாரத்துக்குப் பிறகு 21 நாளுக்கு மேலும் வித்தியாசம் இருந்தால்தான் ஸ்கேன் தேதிக்கு மாறலாம். அப்போதும் தயக்கத்தோடுதான். தலையும் தொடையும் ஒருசேரக் குறைந்த குழந்தை வயதில் சிறியதா, வளர்ச்சியில் பின்தங்கியதா என்பதை ஒரே ஒரு ஸ்கேனால் பிரிக்க முடியாது. தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டால் வளர்ச்சிக் குறைவு இயல்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

அதனால் மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லி, தேதியைக் கையிலேயே எழுதிக் கொடுங்கள். நம் மாதிரிக் குழந்தை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் தலைச் சுற்றளவு 262இலிருந்து 287ஐ ஒட்டியும், தொடை 53இலிருந்து 59 அல்லது 60க்கும் வந்திருக்கும். அன்றைக்கு வரும் அளவை வைத்துப் புதிதாக வாரம் போடக் கூடாது. இன்று போட்ட வாரத்தோடு மூன்றைக் கூட்டி, அதற்கு எதிரே அந்த அளவை வைத்துப் பார்க்க வேண்டும். தலை பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மட்டும் கூடியிருந்தால், முதலில் அன்றைய படத்தின் தளத்தையும் கோட்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் டாப்ளர் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்கு அன்றே அனுப்புங்கள்.